வராத மாணவியை வகுப்புப் படத்தில் சேர்த்த பிறகு பெற்றோருக்குக் குறிப்பு எழுதுவது எப்படி: வகுப்பாசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

குரூப் போட்டோ எடுத்த அன்று ஒரு பிள்ளை வரவில்லை. பிறகு அந்தப் பிள்ளையைத் தனியாகப் படம் எடுத்து, வீட்டாரின் சம்மதத்தோடு ஸ்டுடியோவில் சேர்க்கிறோம். இதை மற்ற பெற்றோருக்குத் தெரிவிக்க ஒரு குறிப்பு வேண்டும். அரைப் பக்கக் குறிப்புதான். ஆனால் புதிதாக வகுப்பாசிரியர் பொறுப்பு ஏற்றவர்கள் இதில் இரண்டு விதமாகத் தடுமாறுவதைப் பார்க்கிறேன். சிலர் படத்தை அனுப்பிவிட்டு, யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். சிலர் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு என்ன உடம்பு, எந்த ஆஸ்பத்திரி என்பது வரை எழுதிவிடுகிறார்கள்.

குறிப்பு சொல்ல வேண்டியது படத்துக்கு என்ன செய்தோம் என்பதை மட்டுமே. பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்பது அதில் வரக்கூடாது. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த எல்லையைக் காப்பதற்காகத்தான்.

எடுத்துக்காட்டாகக் காரைக்குடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் ஏழாம் வகுப்பை எடுத்துக்கொள்வோம். வகுப்பில் 36 பேர். ஜனவரி 22, வியாழக்கிழமை முகப்பு மண்டபத்தில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் மூன்று வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். 35 பேர் இருந்தார்கள். ஒரு மாணவி வரவில்லை.

## 1. எழுத உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

வீட்டாரின் எழுத்து ஒப்புதல், தலைமையாசிரியரின் அனுமதி, திருத்தம் செய்யாத மூலப் படம், திருத்திய படம், தனிப் படம் எடுத்த தேதி. இந்த ஐந்தும் சேர்ந்த பிறகே பேனாவை எடுங்கள்.

மூலப் படத்தைக் கேட்டு வாங்கிவைக்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஸ்டுடியோக்காரர் திருத்திய படத்தை மட்டும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். இடம் போதவில்லை என்று சில மாதத்தில் பழைய கோப்புகளை அழித்தும் விடுவார். ‘மூலப் படம் பள்ளியில் இருக்கிறது, கேட்பவர் பார்க்கலாம்’ என்று குறிப்பில் எழுதப்போகிறோம். அது கையில் இல்லாமல் அந்த வரியை எழுத முடியாது.

## 2. ஒப்புதலை நான்கு கேள்வியாகப் பிரித்துக் கேளுங்கள்

“படத்தில் சேர்த்துக்கலாமா?” என்று ஒற்றைக் கேள்வியாகக் கேட்டு, “சரி டீச்சர்” என்று பதில் வாங்கிவிட்டால் அது பாதி ஒப்புதல்தான். வீட்டார் ‘சரி’ சொன்னது எதற்கு என்று பின்னால் யாருக்கும் தெரியாது. நான்காகக் கேளுங்கள்.

முதலாவது, தனிப் படம் எடுத்துக் குரூப் போட்டோவில் சேர்க்கலாமா. இரண்டாவது, அப்படிச் சேர்த்ததை மற்ற பெற்றோருக்குத் தெரிவிக்கலாமா. மூன்றாவது, தெரிவிக்கும்போது பெயரைச் சொல்லலாமா, ‘ஒரு மாணவி’ என்று மட்டும் போதுமா. நான்காவது, படம் எங்கெல்லாம் போகலாம்: வீட்டுக்கு அனுப்பும் பிரிண்ட், வகுப்பு வாட்ஸ்அப் குழு, பள்ளி மலர், பள்ளியின் இணையப் பக்கம். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஆம், இல்லை என்று எழுதி வாங்குங்கள். வீட்டுப் பிரிண்டுக்குச் சம்மதித்தவர் இணையப் பக்கத்துக்கு வேண்டாம் என்பது வெகு சாதாரணம்.

இரண்டாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று வந்தால், அதாவது சேர்க்கலாம், ஆனால் யாருக்கும் சொல்லக்கூடாது என்றால், சேர்க்காதீர்கள். மறைத்துச் செய்யும் திருத்தத்துக்கு மற்ற 35 வீட்டின் சம்மதம் கிடையாது. அதுவும் அவர்கள் பிள்ளைகள் நிற்கிற படம்தான். இதை வீட்டாரிடம் பதமாகச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். பெயர் போடாமல் தெரிவிக்கலாம் என்ற வழி இருப்பதைச் சொன்னதும் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

நம் ஊரில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அப்பாவும் அம்மாவும் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ துபாயிலோ இருப்பார்கள், பிள்ளை அப்பத்தாவிடமோ ஆயாவிடமோ வளரும். பள்ளிக்கு வந்து பேசுவதும் கையெழுத்துப் போடுவதும் அவர்தான். அவர் ‘சேர்த்துக்கங்க’ என்று மனசாரச் சொன்னாலும் அதோடு நின்றுவிடக் கூடாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்று கொண்டு, பெற்றோர் அல்லது சட்டப்படியான காப்பாளரின் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். வெளிநாட்டில் இருக்கும் அப்பா, தன் மகள் இல்லாத நாளில் எடுத்த படத்தில் அவள் நிற்பதைக் குழுவில் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார் என்றால் அது சரியில்லை.

“ஆச்சி, நீங்க சரின்னு சொன்னது ரொம்ப சந்தோஷம். அவங்க அப்பாகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, நான்கு கேள்வியையும் தமிழில் எழுதி அப்பாவின் எண்ணுக்கு அனுப்புங்கள். பதிலை அச்செடுத்து ஒப்புதல் தாளோடு பின் போட்டு வையுங்கள்.

பிள்ளையிடமும் கேளுங்கள். பெற்றோர் சம்மதித்து, பிள்ளைக்கு விருப்பமில்லாமல் போவதும் உண்டு. உடம்பு சரியில்லாமல் இளைத்திருக்கும் நேரத்தில் படம் எடுக்க வேண்டாம் என்று ஒரு பெண் குழந்தை நினைக்கலாம். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இவ்வளவும் ஸ்டுடியோக்காரர் கணினியைத் தொடும் முன்பே முடிய வேண்டும். சேர்த்து முடித்த படத்தைக் கொண்டுபோய் “நல்லா வந்திருக்கு பாருங்க, சம்மதமா?” என்று கேட்டால் வீட்டாரால் மறுக்க முடியாது. அப்படி வாங்குவது ஒப்புதல் ஆகாது.

## 3. தனிப் படத்தைப் பக்கத்தில் இருந்து பாருங்கள்

இது ஸ்டுடியோக்காரரின் வேலைதானே என்று விட்டுவிடாதீர்கள். என்ன செய்தார் என்று பார்த்தால்தான் குறிப்பில் உண்மையாக எழுத முடியும்.

நம் எடுத்துக்காட்டில் பிப்ரவரி 3, செவ்வாய்க்கிழமை தனிப் படம் எடுத்தார்கள். குரூப் போட்டோ எடுத்தது வியாழக்கிழமை, அன்று வண்ணச் சீருடை. அதனால் செவ்வாய்க்கிழமையானாலும் வண்ணச் சீருடையில் வரும்படி முதல் நாளே வீட்டுக்குச் சொல்லியாயிற்று. நேரம் அதே காலை பத்து மணி. முகப்பு மண்டபத்தில் வெயில் காலையில் ஒரு பக்கமிருந்தும் மதியத்துக்கு மேல் மறுபக்கமிருந்தும் விழும். மதியம் எடுத்தால் மற்ற 35 முகத்திலும் இடப்பக்கம் வெளிச்சமும் இவள் முகத்தில் மட்டும் வலப்பக்கம் வெளிச்சமும் இருக்கும். ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவர் கண்ணுக்கு உறுத்தும்.

கேமராவை முன்பு வைத்த அதே தூரத்தில், அதே உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஆறேழு மீட்டர் தள்ளி எடுத்த குழுப் படத்தில், இரண்டு மீட்டரில் எடுத்த ஒருவரைக் கொண்டுவந்து வைத்தால் மூக்கும் நெற்றியும் புடைத்து, முகம் மட்டும் முன்னால் வந்த மாதிரி தெரியும். அளவைச் சுருக்கினாலும் அது மாறாது.

உயரத்துக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. படத்தில் அவளுக்குப் பக்கத்தில் நிற்கப்போகிற தோழியை அழைத்து, இருவரையும் சேர்த்து அளவுக்காக ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். தோழியின் காதுக்கு இவள் தலை எங்கே வருகிறது என்று ஸ்டுடியோக்காரருக்குத் தெரிந்துவிடும். இல்லையென்றால் அவர் குத்துமதிப்பாக வைப்பார், பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். நேரம் இல்லை என்று அடையாள அட்டைப் படத்திலிருந்து முகத்தை வெட்டி, வேறொரு பிள்ளையின் உடம்பில் ஒட்டுவது. அந்த உடம்பு யாருடையது என்று வகுப்புக்குத் தெரியும். அந்தப் பிள்ளையின் வீட்டில் யாரும் சம்மதம் கேட்கவில்லை. முழு உருவத்தோடு புதிதாக எடுக்க முடியவில்லை என்றால் சேர்க்கும் யோசனையையே விட்டுவிட்டு, படத்தின் அடியில் ‘வர இயலாதவர்’ என்று வீட்டாரின் சம்மதத்தோடு பெயர் போடலாம்.

## 4. எந்த இடத்தில் நிற்க வைப்பது

வரிசையின் ஓரம் நல்லது. நடுவில் சொருகினால் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் நகர்த்த வேண்டிவரும், யாராவது ஒருவரின் தோளோ கையோ மறையும். அப்போது குறிப்பில் ‘மற்றவர்களில் மாற்றம் இல்லை’ என்று எழுத முடியாது. நம் படத்தில் அவள் இடம் இரண்டாவது வரிசையின் வலது ஓரம், தூணுக்கு முன்னால். இரண்டாவது வரிசையில் நிற்பவர்களின் கால் தெரியாது என்பதால், பளபளக்கும் கல் தரையில் நிழலும் பிரதிபலிப்பும் வரைய வேண்டிய வேலையும் இல்லை.

சில ஸ்டுடியோக்காரர்கள் சுலபமான வழி ஒன்று சொல்வார்கள்: மேல் மூலையில் முட்டை வடிவக் கட்டம் போட்டு அதற்குள் முகத்தை வைப்பது. நேர்மையான வழிதான், சேர்த்தது என்று பார்த்ததும் தெரியும். ஆனால் நம் வீடுகளின் முகப்பிலும் பட்டாலையிலும் மாட்டியிருக்கும் படங்களை நினைத்துப் பாருங்கள். மேலே தனிக் கட்டத்தில் முகம் என்றால், இல்லாமல் போனவர் என்றுதான் இங்கே முதலில் மனசு போகும். விவரம் தெரியாத உறவினர் ஒருவர் பார்த்துவிட்டு “இந்தப் புள்ளைக்கு என்னாச்சு?” என்று கேட்டால், அந்த வீட்டில் உள்ளவர்கள் என்ன பாடுபடுவார்கள்? கட்டம் வேண்டாம். வரிசையிலேயே நிற்கட்டும், சேர்த்ததை எழுத்தில் சொல்லுவோம்.

## 5. குறிப்பை எழுதும் வரிசை

இப்போதுதான் எழுத உட்காருகிறோம். முதல் வாக்கியத்திலேயே செய்தி வந்துவிட வேண்டும். ‘நம் வகுப்பு ஒரு குடும்பம்’ என்று தொடங்கி நாலு வரி தள்ளி விஷயத்துக்கு வந்தால், ஏதோ சமாதானம் சொல்ல வருகிறார்கள் என்று படிப்பவருக்குத் தோன்றும்.

இரண்டாவதாகத் தேதிகள். எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் முன் வரிசையில் உட்கார்ந்த பிள்ளை வகுப்பும் தேதியும் எழுதிய பலகையைப் பிடித்திருப்பது வழக்கம். நம் படத்திலும் ‘22.01.2026’ என்று பலகை இருக்கிறது. படத்தில் உள்ள எல்லோரும் அன்று வந்திருந்தார்கள் என்று அந்தப் பலகை சொல்கிறது. வருகைப் பதிவேட்டில் ஒருவருக்கு விடுப்பு இருக்கிறது. இந்த முரணைக் குறிப்பு தெளிவாகத் தீர்த்துவைக்க வேண்டும். அதனால் எது எந்த நாளில் எடுத்தது என்பதை விடாதீர்கள்.

மூன்றாவதாக ஒப்புதல். யார் யார் சம்மதித்தார்கள் என்பது போதும், எப்படிக் கேட்டோம் என்ற விவரம் வேண்டாம். நான்காவதாக, மற்ற பிள்ளைகளின் படத்தில் கை வைக்கவில்லை என்பது. பெற்றோர் உள்ளுக்குள் கேட்கும் கேள்வி இதுதான்: ‘இவளைச் சேர்க்க முடியும் என்றால் என் பிள்ளை முகத்தையும் ஏதாவது செய்திருப்பார்களோ?’ கடைசியாக, மூலப் படத்தை எங்கே பார்க்கலாம், படத்தை எங்கே பகிர வேண்டாம் என்பது.

எழுதிப் பார்த்தால் இப்படி வரும். பெயர் வர வேண்டிய இடத்தைக் கோடாக விட்டிருக்கிறேன்.

> 11.02.2026
>
> ஏழாம் வகுப்புப் பெற்றோருக்கு,
>
> வணக்கம். இத்துடன் வரும் வகுப்புப் படத்தில் ஒரு மாணவியின் உருவம் பிறகு சேர்க்கப்பட்டது என்பதைத் தெரிவிக்கிறேன்.
>
> இப்படம் 22.01.2026 அன்று எடுக்கப்பட்டது. அன்று ________ பள்ளிக்கு வர இயலவில்லை. அவருடைய படம் 03.02.2026 அன்று அதே இடத்தில் தனியாக எடுக்கப்பட்டு, இரண்டாவது வரிசையில் வலது ஓரத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. பலகையில் உள்ள தேதி மற்ற 35 பேரும் படம் எடுத்துக்கொண்ட நாளைக் குறிக்கும்.
>
> அவரும் அவருடைய பெற்றோரும் இதற்கு எழுத்தில் ஒப்புதல் தந்துள்ளார்கள். தலைமையாசிரியரின் அனுமதியும் பெறப்பட்டது.
>
> மற்ற மாணவர்களின் உருவத்தில் எந்த மாற்றமும் செய்யவில்லை. திருத்தம் செய்யாத மூலப் படம் பள்ளி அலுவலகத்தில் உள்ளது. பார்க்க விரும்புவோர் பார்க்கலாம், அதன் பிரதி வேண்டுமென்றால் 18.02.2026-க்குள் என்னிடம் சொல்லுங்கள்.
>
> படத்தில் எல்லாப் பிள்ளைகளும் இருப்பதால், பொதுத் தளங்களில் பகிர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.
>
> வகுப்பாசிரியர்

‘வர இயலவில்லை’ என்பதோடு நிற்கிறது, கவனியுங்கள். ‘உடல்நலக் குறைவால்’, ‘குடும்பச் சூழ்நிலையால்’ என்று ஒரு வார்த்தை சேர்த்தால்கூட அடுத்த கேள்விக்குக் கதவைத் திறந்துவிட்டீர்கள். அந்தக் கேள்வி உங்களிடம் வராது, அந்தப் பிள்ளையிடம்தான் போகும். கோவில் திருவிழா, வீட்டு விசேஷம் போன்ற சாதாரணக் காரணமாக இருந்தாலும் எழுதாதீர்கள். ஒரு வருடம் எழுதிவிட்டு அடுத்த வருடம் எழுதாமல் விட்டால், எழுதாததே ஏதோ பெரிய விஷயம் என்று ஆகிவிடும்.

‘மற்ற மாணவர்களின் உருவத்தில் எந்த மாற்றமும் செய்யவில்லை’ என்ற வரியை, உண்மை என்று பார்த்துவிட்டே எழுதுங்கள். ஸ்டுடியோக்காரர்கள் கேட்காமலேயே எல்லோர் முகத்தையும் கொஞ்சம் வெளுப்பாக்கிவிடுவது உண்டு. மூலத்தையும் திருத்தியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு முறை வரிசை வரிசையாகப் பாருங்கள். நிறம் மாறியிருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

எழுதி முடித்ததும் முதலில் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு, படத்தோடு சேர்த்து வரைவை அனுப்புங்கள். அச்சுக்குப் போவதற்கு இரண்டு நாளாவது அவகாசம் கொடுங்கள். ‘இந்த வரி வேண்டாம்’ என்றோ ‘யோசிச்சுப் பார்த்தோம், சேர்க்க வேண்டாம்’ என்றோ அவர்கள் சொல்லக்கூடிய கடைசி இடம் இதுதான். அச்சான பிறகு பள்ளிப் பக்கத்திலிருந்து நீக்கலாம், 35 வீட்டுச் சுவரிலிருந்து நீக்க முடியாது.

## 6. பெயர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால்

‘ஒரு மாணவி வர இயலவில்லை’ என்று மாற்றுங்கள். அப்போது ‘இரண்டாவது வரிசையில் வலது ஓரத்தில்’ என்பதையும் எடுத்துவிட வேண்டும். பெயரை மறைத்துவிட்டு இடத்தைச் சொன்னால் மறைத்ததில் அர்த்தமில்லை.

வகுப்பில் எல்லோருக்கும் யார் என்று தெரியுமே, பிறகு எதற்கு இந்த மறைப்பு என்று ஆசிரியர்கள் கேட்பதுண்டு. வகுப்புக்குத் தெரியும்தான். ஆனால் குறிப்பு வகுப்போடு நிற்காது. பக்கத்து வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் போகும், பத்து வருடம் கழித்தும் யாராவது எடுத்துப் படிப்பார்கள்.

## 7. படத்திலேயே ஒரு வரி

குறிப்பு தொலைந்துபோகும், படம்தான் நிற்கும். அதனால் பிரிண்டின் அடியில், பெயர்ப் பட்டியலுக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘ஒருவரின் படம் 03.02.2026 அன்று எடுத்துச் சேர்க்கப்பட்டது’ என்று போடச் சொல்லுங்கள். லேமினேஷனுக்கோ சட்டத்துக்கோ போகும் முன் அந்த வரி சட்டத்தின் விளிம்புக்குள் மறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அடியில் ஒரு சென்டிமீட்டர் வெள்ளை விட்டிருந்தால் தப்பும்.

கோப்பின் பெயரிலும் வேறுபாடு தெரியட்டும்:

```
7A_2026-01-22_moolam.jpg
7A_2026-01-22_serthathu.jpg
```

இல்லையென்றால் பள்ளி மலர் தயாரிக்கும் ஆசிரியர் எது எது என்று தெரியாமல், இணையத்துக்குச் சம்மதம் இல்லாத படத்தை ஏற்றிவிடுவார்.

## 8. அனுப்பும் வரிசை

பிரிண்டும் குறிப்பும் ஒரே உறையில் போக வேண்டும். குறிப்பைத் தனியாக டைரியில் ஒட்டி, படத்தை மறுநாள் கொடுத்தால் இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்க மாட்டார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் போட்டால், படத்துக்குக் கீழேயே குறிப்பின் முதல் இரண்டு பத்தியை எழுதி அனுப்புங்கள். படம் முதலில், விளக்கம் அடுத்த செய்தியாக என்றால், இடையில் ஒரு நிமிடம் போதும், “அன்னிக்கு அந்தப் புள்ள வரலையே?” என்று ஒருவர் கேட்டுவிடுவார். அதற்குப் பிறகு நீங்கள் அனுப்பும் விளக்கம் பதில் சொல்வது போலாகிவிடும். குழுவில் படம் போகலாம் என்று நான்காவது கேள்விக்கு ‘ஆம்’ வந்திருந்தால் மட்டுமே இந்தப் படி.

பிள்ளைகளிடம் வகுப்பில் சொல்வதைப் படம் கொடுக்கும் அன்று காலையிலேயே முடித்துவிடுங்கள். “அன்னிக்கு வர முடியல, அப்புறமா எடுத்துச் சேர்த்திருக்கோம், அவங்க வீட்டிலயும் சரின்னு சொன்னாங்க” என்றால் போதும்.

## 9. அடிக்கடி வரும் கேள்விகள்

“போன வருஷம் எங்க பையன் வரலை, அவனை ஏன் சேர்க்கலை?” இதுதான் அதிகம் வருவது, நியாயமான கேள்வியும்கூட. இந்த வருடம் வராத எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்டீர்களா என்பதே இதற்குப் பதிலாக இருக்க முடியும். இரண்டு பேர் வராமல் ஒருவரை மட்டும் சேர்த்திருந்தால், மற்றவர் வீட்டில் கேட்டு அவர்கள் வேண்டாம் என்ற பதில் உங்கள் கையில் இருக்க வேண்டும். அந்தப் பதிலை வெளியே சொல்ல வேண்டியதில்லை.

“ஏன் வரலை?” என்று நேரடியாகக் கேட்பவரிடம், “அது அவங்க வீட்டு விஷயம், நான் சொல்றது சரியா இருக்காது” என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம். தெரியாது என்று பொய் சொல்ல வேண்டாம். வகுப்பாசிரியருக்குத் தெரியாமல் இருக்காது என்று கேட்பவருக்குத் தெரியும்.

“என் பிள்ளை படத்தை நாளைக்கு இப்படி எங்கேயாவது ஒட்டினா?” என்று பயந்து கேட்பவரும் உண்டு. அவரைப் பள்ளிக்கு அழைத்து மூலப் படத்தையும் திருத்திய படத்தையும் காட்டுங்கள். நிரப்பாத ஒப்புதல் தாளின் மாதிரியைக் கையில் கொடுங்கள். நிரப்பிய தாளைக் காட்டாதீர்கள், அதில் இன்னொரு வீட்டின் பதில்கள் இருக்கின்றன.

சேர்த்த படம் பதிவேடு அல்ல என்பதையும் அலுவலகத்தில் சொல்லிவையுங்கள். ஜனவரி 22-இல் யார் வந்தார்கள் என்று எப்போதாவது பார்க்க வேண்டி வந்தால் பார்க்க வேண்டியது வருகைப் பதிவேட்டை. மூலப் படம், ஒப்புதல் தாள், குறிப்பின் ஒரு பிரதி மூன்றையும் ஒரே கோப்பில் வைத்து, அடுத்த வருட வகுப்பாசிரியரிடம் ஒப்படைக்கும்போது அதைக் கையில் கொடுத்துவிடுங்கள்.